செம்பட்டை கருப்பாகும், கருப்பு பொன்னாகாது

கல்யாண ஆல்பம் அச்சுக்குப் போகும் முன் வீட்டார் அனுப்பும் திருத்தப் பட்டியலில் ஒரு வரி தவறாமல் இருக்கும். "அம்மா முடி செம்பட்டையா தெரியுது அண்ணா, அதை மட்டும் கருப்பாக்கித் தாங்க." சென்ற ஆவணியில் வந்த பட்டியலில் அதற்குக் கீழேயே இன்னொரு வரியும் இருந்தது. மணப்பெண்ணின் தங்கைக்குத் தன் கருங்கூந்தல் வரவேற்புப் படங்களில் மட்டும் பொன்னிறமாகத் தெரிய வேண்டுமாம். கேட்டவர்களுக்கு இரண்டும் ஒரே வேலைதான். ஒன்றில் கருப்பு, மற்றொன்றில் பொன். லைட்ரூம் மென்பொருளில் முதல் வேலை பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. இரண்டாவதை ஒரு முழு மாலை முயன்று பார்த்துவிட்டு, முடியாது என்று போன் செய்து சொன்னேன். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை அந்தப் பெண்ணுக்குப் போனில் விளக்கியதைவிடக் கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதுகிறேன்.

அம்மாவின் படத்திலிருந்து தொடங்கலாம். மண்டபத்து வாசலில், உச்சி வெயிலில் எடுத்தது. கல்யாணத்துக்குச் சில வாரங்கள் முன்னால் அடித்த டை வெளுத்து, உச்சந்தலையிலும் நெற்றி ஓரத்திலும் பழுப்பும் சிவப்பும் கலந்து தெரிகிறது. வகிட்டில் குங்குமம், கொண்டையைச் சுற்றிக் கனகாம்பரமும் மல்லிகையும், காதில் தங்க ஜிமிக்கி. பார்க்க அழகான படம். முடியின் நிறத்தை மாற்ற உட்காருகிறவனுக்கு இதைவிடச் சிக்கலான படம் கிடைக்காது.

சிக்கலின் வேர், லைட்ரூம் நிறத்தைப் பிரித்துப் பார்க்கும் விதத்தில் இருக்கிறது. எச்.எஸ்.எல். என்ற பகுதி படத்திலுள்ள நிறங்களை எட்டு அறைகளாகப் பிரிக்கிறது. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலப்பச்சை, நீலம், ஊதா, மெஜந்தா. இப்போதைய பதிப்புகளில் இதற்குக் கலர் மிக்ஸர் என்று பெயர். ஒவ்வோர் அறைக்கும் மூன்று ஸ்லைடர்கள் உண்டு. ஹியூ அந்த நிறத்தைப் பக்கத்து நிறத்தை நோக்கித் தள்ளும். சாச்சுரேஷன் அதன் அடர்த்தியைக் கூட்டும், குறைக்கும். லூமினன்ஸ் அதை வெளுப்பாக்கும் அல்லது இருட்டாக்கும். பழுப்பு என்ற அறை இதில் கிடையாது, ஏனென்றால் பழுப்பு என்பது இருட்டான ஆரஞ்சுதான். ஆகவே செம்பட்டை முடி ஆரஞ்சு அறையில் போய் உட்காருகிறது. மனிதத் தோலும், வெளுப்பானாலும் கருப்பானாலும், பெரும்பாலும் அதே அறையில்தான் இருக்கிறது. கனகாம்பரமும் அங்கேதான். தங்கம் மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் கால் வைத்து நிற்கிறது.

எச்.எஸ்.எல். படம் முழுவதையும் தொடும். 'முடியில் உள்ள ஆரஞ்சு மட்டும்' என்று அதற்குச் சொல்ல வழியில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கு இது உறைக்கவில்லை. ஒரு வீட்டுக் கல்யாண ஆல்பத்தில், ஆரஞ்சு அறையின் சாச்சுரேஷனை மைனஸ் அறுபதுக்கு இறக்கினேன். முடி நன்றாகக் கருத்தது. நான் பார்த்ததெல்லாம் முடியை மட்டும்தான். ஆல்பம் அச்சாகி வந்தபோது மாமியார் முகத்தில் சாம்பல் பூத்திருந்தது, கனகாம்பரம் வாடிய பூவைப் போல இருந்தது. அந்த வீட்டு அம்மா எதுவும் சொல்லாமல் பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். இருபது பக்கங்களை என் செலவில் மறுபடி அச்சடித்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து முடி விஷயத்தில் எச்.எஸ்.எல்.லைத் தனியாக நம்புவதில்லை.

எல்லையை நாமே வரைந்து கொடுப்பதற்காக உள்ளதுதான் பிரஷ். எங்கே பூசுகிறோமோ அங்கே மட்டும் ஸ்லைடர்கள் வேலை செய்யும். லைட்ரூம் கிளாசிக்கில் K விசையை அழுத்தினால் பிரஷ் கைக்கு வரும். 2021 அக்டோபருக்குப் பிறகு இது மாஸ்க் பகுதிக்குள் போய்விட்டது, வேலை செய்யும் விதம் பழையதுதான். அம்மாவின் படத்தில் நான் செய்தது இது. படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிக்கொண்டேன். பிரஷின் ஓரம் மெத்தென்று கரையும்படி ஃபெதரை அறுபதில் வைத்து, ஃப்ளோவை ஐம்பதுக்குக் குறைத்தேன். ஃப்ளோ குறைவாக இருந்தால் ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை தேய்த்துத்தான் முழு வலிமை வரும். நெற்றி ஓரத்தில் கை தவறினாலும் பாதிப்பு லேசாக இருக்கும். முதலில் முடியின் திரண்ட பகுதியைப் பூசினேன். பிறகு O விசையை அழுத்தினால், பூசிய இடமெல்லாம் சிவப்புப் படலமாகத் தெரியும். வகிட்டில் இறங்கியதையும், காதின் மேல்மடிப்பில் ஏறியதையும், பூவைத் தொட்டதையும் Alt விசையைப் பிடித்துக்கொண்டு அழித்தேன்.

ஆட்டோ மாஸ்க் என்று ஒரு வசதி உண்டு. பிரஷின் நடுவில் எந்த நிறம் இருக்கிறதோ அதைப் போன்ற இடங்களில் மட்டும் பூச்சை நிறுத்தப் பார்க்கும். நெற்றி ஓரத்துக்கும் ஜிமிக்கி ஓரத்துக்கும் இது நன்றாக உதவும். முடி முழுவதையும் அதை வைத்தே பூசினால், மினுமினுப்புள்ள இழைகளை விட்டுவிட்டு இருட்டானவற்றை மட்டும் பிடித்து, புள்ளி புள்ளியாகத் திட்டு விழும். உள்ளே பூசும்போது அதை அணைத்துவிட வேண்டும்.

பூச்சு சரியான பிறகுதான் ஸ்லைடர். சாச்சுரேஷன் மைனஸ் ஐம்பது. டெம்ப் மைனஸ் எட்டு, அதாவது ஒரு துளி நீலத்தின் பக்கம். ஷேடோஸ் மைனஸ் இருபது. எக்ஸ்போஷர் மைனஸ் கால் மட்டும். சாச்சுரேஷனை மைனஸ் நூறுக்கு இழுக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். அப்படி இழுத்தால் முடி கரிக்கோடு போட்டது போல ஆகிவிடும். நம் ஊர்க் கருங்கூந்தலில் கூட நிழலில் கொஞ்சம் பழுப்பும், வெளிச்சம் பட்ட இடத்தில் கொஞ்சம் வானத்து நீலமும் இருக்கும். அந்த மிச்சம் இருந்தால்தான் அது முடி. எக்ஸ்போஷரில் இன்னும் கவனம் வேண்டும். அதை ஒன்று, ஒன்றரை என்று இறக்கினால் முடியின் பளபளப்பும் சேர்ந்து மங்கி, சவுரி வைத்தது போல ஆகிவிடும். பளபளப்பை விட்டுவிட்டு, அதைச் சுற்றியுள்ள சிவப்பை மட்டும் அடக்க வேண்டும்.

கடைசியாக ஒரு சோதனை. எக்ஸ்போஷரை ஒரு கணம் பிளஸ் நான்குக்கு இழுத்துப் பார்ப்பேன். பூச்சு எங்கெல்லாம் கசிந்திருக்கிறதோ அங்கெல்லாம் பளீரென்று வெளுக்கும். அம்மாவின் படத்தில் இடது காதுக்குப் பின்னால் ஒரு பட்டை தெரிந்தது. அதை அழித்துவிட்டு, எக்ஸ்போஷரைப் பழைய இடத்தில் வைத்தேன். முகம் முகமாகவே இருந்தது, கனகாம்பரம் கனகாம்பரமாகவே இருந்தது.

பழுப்பு முடியைச் சற்றுச் சிவப்பாக்குவதும், செம்பழுப்பைத் தேன் நிறத்துக்கு நகர்த்துவதும் இதே வழியில் நடக்கும். 2020 ஜூனில் வந்த பதிப்பிலிருந்து பிரஷுக்குள்ளேயே ஒரு ஹியூ ஸ்லைடர் இருக்கிறது. எச்.எஸ்.எல். ஆரஞ்சை ஒரு பக்கம் சிவப்பு வரையும் மறுபக்கம் மஞ்சள் வரையும்தான் தள்ளும். பிரஷின் ஹியூ நிறச் சக்கரத்தை முழுதாகச் சுற்றும். 2023 அக்டோபரில் வந்த பாயிண்ட் கலர் இன்னும் ஒரு படி மேலே போனது. முடியின் ஓர் இடத்தைச் சொட்டுக்குழாய் போன்ற குறியால் தொட்டு, அந்த நிறத்தை மட்டும், மாஸ்க்குக்குள் மட்டும் மாற்றலாம். எட்டு அறைகளில் ஓர் அறைக்குள் தோலும் முடியும் பூவும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்த தொல்லை இதனால் பெரும்பாலும் தீர்ந்தது.

அப்படியானால் தங்கை கேட்ட பொன்னிறம் ஏன் வரவில்லை?

லைட்ரூமில் படத்தின் எந்தப் புள்ளியின் மேல் அம்புக்குறியை வைத்தாலும், வரைபடத்தின் கீழே சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சதவீதத்தில் தெரியும். அம்மாவின் செம்பட்டையில் வைத்துப் பார்த்தபோது ஏறத்தாழ 32, 21, 15 என்று காட்டியது. மூன்றுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளிதான் நிறம். ஹியூவும் சாச்சுரேஷனும் அந்த இடைவெளியை வைத்துத்தான் வேலை செய்கின்றன. தங்கையின் கூந்தலில் வைத்தால் 6, 5, 5. இடைவெளியே இல்லை. ஹியூவை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்பினாலும் அங்கே திருப்புவதற்கு ஒன்றும் கிடையாது. ஆரஞ்சு அறையின் லூமினன்ஸை முழுதாக ஏற்றினாலும் முடி அசையாது, முகம்தான் வெளுக்கும். நிறமே இல்லாத புள்ளியை ஆரஞ்சு என்று அது எப்படி அடையாளம் காணும்?

சரி, முதலில் வெளிச்சம் ஏற்றி, பிறகு நிறம் பூசலாம் என்றுதான் அடுத்துத் தோன்றும். நானும் அதைத்தான் செய்தேன். பிரஷில் எக்ஸ்போஷரை இரண்டரைக்கு ஏற்றி, ஷேடோஸை நூறாக்கி, கலர் என்ற பெட்டியில் பொன் மஞ்சளைத் தேர்ந்தெடுத்தேன். முடி பொன்னாகவில்லை. ஊறவைத்த புளியின் நிறம் வந்தது. கூடவே இருட்டில் ஒளிந்திருந்த குருணையெல்லாம் மேலே வந்தது. ரா கோப்பாக இருந்ததால் குருணையோடு நின்றது. போனில் வந்த ஜேபெக் படமாக இருந்தால் கட்டம் கட்டமாகவும் உடைந்திருக்கும், ஏனென்றால் ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், இருட்டுப் பகுதியில் நுணுக்கத்தையும் அது தூக்கி எறிந்துவிடும்.

இதைவிட முக்கியமான தவறு பளபளப்பில் நடந்தது. அவள் கூந்தலில் வெளிச்சம் பட்டு மினுங்கும் பட்டையில் அம்புக்குறியை வைத்தால் 71, 73, 78. இது கூந்தலின் நிறமே கிடையாது. மண்டபத்தின் எல்.இ.டி. விளக்கு முடியின் மேல் தெறித்து அப்படியே வந்த வெளிச்சம். அதன் மேல் பொன்மஞ்சள் பூசினால் விளக்குக்கு மஞ்சள் தாள் ஒட்டியது போல ஆகிறது. நடுவில் எலுமிச்சை மஞ்சள் பட்டை, சுற்றிலும் புளி நிறம். பார்க்கிறவருக்கு எங்கே தவறு என்று சொல்லத் தெரியாவிட்டாலும், ஏதோ பூசியிருக்கிறார்கள் என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

உண்மையான பொன்னிற முடியில் வெளிச்சம் என்ன செய்கிறது என்பதை ஸ்டீவ் மார்ஷ்னரும் அவருடைய கூட்டாளிகளும் 2003-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார்கள். கணினி வரைகலையில் முடியை நம்பும்படி வரைவதற்கு அடிப்படையாக அமைந்த கட்டுரை அது. முடி இழை ஒரு கண்ணாடிக் குழாயைப் போல நடந்துகொள்கிறது. விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கு மேல்தோலில் பட்டு அப்படியே தெறிக்கிறது. இதற்கு விளக்கின் நிறம்தான் இருக்கும். இன்னொரு பங்கு இழைக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறுகிறது. மூன்றாவது பங்கு உள்ளே புகுந்து, பின்சுவரில் மோதித் திரும்பி வருகிறது. பின்னிரண்டும் முடியின் நிறமியைக் கடந்து வருவதால் நிறம் ஏறி வருகின்றன. பொன்னிற முடியில் வெள்ளைப் பளபளப்புக்குச் சற்றுத் தள்ளி, இன்னொரு நிறமுள்ள பளபளப்பு தெரிவது இதனால்தான். மாலை வெயிலுக்கு எதிரே நின்றால் முடி விளக்கேற்றியது போல ஒளிர்வதும் இதனால்தான்.

கருங்கூந்தலில் மெலனின் நிறைய இருக்கிறது. உள்ளே புகும் வெளிச்சத்தை அது ஏறத்தாழ முழுவதும் விழுங்கிவிடும். மிஞ்சுவது மேல்தோலில் தெறிக்கும் முதல் பங்கு மட்டும். ஆகவே தங்கையின் படத்தில் இரண்டாவது பளபளப்பு கேமராவுக்கு வந்து சேரவே இல்லை. இழைக்கு இழை வெளிச்சம் ஊடுருவி உண்டாகும் ஆழமும் இல்லை. ஸ்லைடர் எதுவாக இருந்தாலும் கேமராவுக்கு வந்த வெளிச்சத்தைத்தான் கூட்டும், குறைக்கும், நிறம் திருப்பும். வராத வெளிச்சத்தை அதனால் கொண்டுவர முடியாது. செம்பட்டையைக் கருப்பாக்கும்போது நான் இருந்ததைக் குறைத்தேன், அவ்வளவுதான். கருப்பைப் பொன்னாக்கும்போது இல்லாததைத் தேடினேன்.

நரையைக் கருப்பாக்கக் கேட்பவர்களும் உண்டு. அங்கே நிலைமை இரண்டுக்கும் நடுவில். இருட்டாக்க முடியும், ஆனால் நரைத்த இழை கருப்பு இழையைவிட எப்போதும் ஒரு படி வெளுப்பாகவே இருக்கும். சேர்த்துக் குறைத்தால் இரண்டும் சேர்ந்தே இறங்கும். காதோரத்தில் நாலு இழை என்றால் சின்ன பிரஷால் ஒவ்வொன்றாகத் தொட்டு அடக்கலாம். தலை முழுதும் என்றால் கறுத்த சாம்பல் நிறம்தான் கிடைக்கும். அதற்கு நரையாகவே விடுவது நல்லது என்று நான் சொல்லிவிடுவேன்.

பிரஷ் தடுமாறும் இன்னோர் இடம் ஓரம். தலையைச் சுற்றிப் பறக்கும் ஒற்றை இழைகள் படத்தில் ஒரு புள்ளி அகலம்கூட இருக்காது. அந்தப் புள்ளியில் பாதி முடி, பாதி பின்னாலுள்ள சுவர். பிரஷ் இழையைத் தொட்டால் சுவரையும் தொடும். இளமஞ்சள் சுவருக்கு முன்னால் நின்ற அம்மாவின் தலையைச் சுற்றி முதல் முயற்சியில் புகை வளையம் போல ஒரு கறை விழுந்தது. இப்போது லைட்ரூமே ஆளைக் கண்டுபிடித்து முடியை மட்டும் தேர்ந்தெடுத்துத் தருகிறது. 2022 அக்டோபரில் வந்த இந்த வசதி திரண்ட முடியை நன்றாகப் பிடிக்கும், பறக்கும் இழைகளில் அதுவும் திணறும். பூவையும் சில நேரம் முடி என்றே எடுத்துக்கொள்ளும். கருப்பாக்கும் வேலையில் இதற்கு என் வழி, பறக்கும் இழைகளைத் தொடாமல் விட்டுவிடுவது. வெயிலில் அவை கொஞ்சம் பொன்னாகத் தெரிவது இயல்புதான், யாரும் குறையாகச் சொன்னதில்லை. நிறம் வெகுதூரம் மாறும் வேலையில் இப்படி விட முடியாது. நடுவில் பொன், ஓரத்தில் கரிய இழைகள் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த அளவுக்குப் போக வேண்டுமென்றால் Ctrl+E அழுத்திப் படத்தை ஃபோட்டோஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே லேயர் வைத்து, இழைகளை நுணுக்கமாகப் பிரித்தெடுத்து, வெளிச்சத்துக்கு ஒரு லேயர், நிறத்துக்கு ஒரு லேயர் என்று கட்டலாம். அங்கேயும் கருப்பு முடிக்குள் இல்லாத அந்த இரண்டாவது பளபளப்பைக் கையால், இழை இழையாக வரைந்துதான் சேர்க்க வேண்டும். ஒரு விளம்பரப் படத்துக்கு ஒரு நாள் உட்கார்ந்து செய்யலாம். நாற்பது வரவேற்புப் படங்களுக்கு, தலை திரும்பும் ஒவ்வொரு கோணத்திலும் ஒரே நிறம் வரும்படி செய்ய நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தங்கையிடம் போனில் சொன்னபோது, "அப்ப எதுவுமே பண்ண முடியாதா அண்ணா?" என்று கேட்டாள். ஒன்று செய்து கொடுத்தேன். கூந்தலின் நடுத்தர வெளிச்சப் பகுதியை மட்டும் பிரஷால் தொட்டு, டெம்பை மஞ்சள் பக்கம் பத்து ஏற்றி, ஷேடோஸைக் கொஞ்சம் தூக்கினேன். கருப்பு, காப்பிக்கொட்டை நிறத்துக்கு ஒரு படி இறங்கியது. பளபளப்பைத் தொடவில்லை. அவளுக்குப் பிடித்திருந்தது.

முடி நிறத்தில் மாற்றம் வேண்டும் என்று நினைப்பவர்கள் படம் எடுக்கும் முன்பே போட்டோகிராபரிடம் சொல்லிவிடுங்கள். பின்னாலிருந்து ஒரு விளக்கு வைத்தால் முடிக்குள் இருக்கும் நிறம் எவ்வளவோ அவ்வளவும் படத்துக்கு வந்துவிடும். ரா கோப்புகளை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் வந்த படத்தைத் திருத்தக் கொடுக்காதீர்கள். வெளுத்த டையைக் கருப்பாக்க வேண்டுமா, தயங்காமல் கேளுங்கள். பொன்னிறம்தான் வேண்டுமென்றால், கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் பார்லருக்குப் போய்விட்டு வாருங்கள்.